மேலும் படிக்காதவருக்கு ஒரு கேப்ஷன்

கேப்ஷன் அக்காவின் கணவர் வீட்டை விட்டுப் போனபோது, அந்தச் செய்தியை அவள் ஐந்து பேருக்கு ஐந்து விதமாகச் சொன்னாள்.

அம்மாவிடம் போனில், "அவருக்கு வேலையில ஒரு மாத்தல்மா. போயிட்டு வருவாரு" என்றாள். வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடம், "இனிமே தண்ணி மோட்டார் விஷயம்னா என்கிட்டயே சொல்லிடுங்க." பழைய சிநேகிதியிடம், "இப்பத்தான்டி தெரியுது, கட்டில் எவ்வளவு அகலம்னு." எதிர்வீட்டு அம்மா, "சார் கண்ணுலயே படலையே?" என்று கேட்டபோது, "உங்க முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாவுக்கு முட்டியைப் பற்றிச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாரை மறந்தாயிற்று. தம்பியிடம் மட்டும் ஒரே சொல்: "போயிட்டாரு."

ஐந்தில் ஒன்றுதான் பொய். மற்ற நான்கும், கேட்பவரின் கொள்ளளவைப் பார்த்து ஊற்றப்பட்ட உண்மை.

தம்பி கெட்டிக்காரன். அழ வேண்டிய நேரத்தில் அக்கா அழவில்லை என்பதைக் கவனித்தானோ இல்லையோ, ஐந்து விதமாகச் சொல்கிறாள் என்பதைக் கவனித்துவிட்டான். பத்தாம் நாள் வந்து, "அக்கா, சும்மா உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு, என் சேனலுக்கு வந்து கேப்ஷன் எழுதேன்" என்றான்.

"சுவரு ஒண்ணும் கேக்காதுடா."

"என் சேனலும் ஒண்ணும் கேக்காது. நீ எழுது, போதும்."

அப்படித்தான் வேலைக்கு வந்தாள். பதினான்கு மாதம் ஆகிறது. இந்தப் பதினான்கு மாதத்தில் அவளுக்குத் துக்கம் வந்ததா, கோபம் வந்ததா என்று யாராவது கேட்டிருந்தால், அதற்கும் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பாள். உள்ளபடி சொன்னால், பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் கன்னம் இருக்கிறது. ஆனால் அது தன்னுடையதுதானா என்பதுதான் சந்தேகம். எச்சில் வழிகிறதா என்று அடிக்கடி துடைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

*

தம்பி, வீட்டுச் சாமான் ரிப்பேர் செய்கிற மெக்கானிக். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மிக்ஸி, மைக்ரோவேவ். கீழே கடை. மாடியில் ஒற்றை அறை. அந்த அறையில் ஒரு மேஜை, மேஜை மேல் எப்போதும் வயிறு கிழிந்த நிலையில் ஏதோ ஒரு இயந்திரம், அதன் தலைக்கு மேல் வட்ட விளக்கு. மின்விசிறி உண்டு. ஆனால் படம் பிடிக்கும்போது அது போடும் சத்தம் மைக்கில் ஏறும் என்பதால் அணைத்துவிடுவார்கள். மெக்கானிக் வியர்க்க வியர்க்கச் சிரித்தபடி, "வாங்க கூட்டாளிகளே!" என்று ஆரம்பிப்பான். அவன் மனைவிதான் படம் பிடிப்பவள், வெட்டி ஒட்டுபவள், "முகத்தைத் துடைங்க, வடை சட்டி மாதிரி இருக்கு" என்று அதட்டுபவள். அவளைக் கடையில் எல்லோரும் கேமராக்காரி என்பார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

அக்காவுக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி. மடியில் மடிக்கணினி, ஜன்னல் திட்டில் சேனலுக்கென்று வாங்கிய போன். அந்த போனின் எண்தான் கடைப் பலகையிலும் இருந்தது. வாட்ஸ்அப்பில் அந்த எண்ணுக்கு முகம், ஸ்க்ரூடிரைவரை வாளாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் மெக்கானிக்.

வேலை இதுதான். ஒரு வீடியோ முதலில் பெரிய தளத்தில் ஏறும். அங்கே அது முழு நீளத்தில், பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும். அக்கா அதற்குத் தாய்வீடு என்று பெயர் வைத்திருந்தாள். மற்ற தளங்கள் எல்லாம் மாமியார் வீடுகள். தாய்வீட்டில் பெண் எப்படி வேண்டுமானாலும் காலை நீட்டி உட்காரலாம். ஒவ்வொரு மாமியார் வீட்டுக்கும் ஒவ்வொரு விதமாக உடுத்தி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்கள்.

மொத்தம் ஐந்து மாமியார்கள்.

ஓய்வுபெற்ற பெரியவர்கள் கூடும் தளத்துக்கு அக்கா வைத்த பெயர் மாமா மன்றம். அங்கே நீளமாக எழுதலாம், எழுத எழுத மரியாதை கூடும். வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுப்பதாகச் சொல்கிறவர்களும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் தளம், கோட்டு சூட்டு. அங்கே ஃப்யூஸ் போனதைக்கூட ஒரு வாழ்க்கைப் பாடமாக எழுத வேண்டும். தாய்வீட்டு இணைப்பைப் பதிவுக்குள் வைத்தால் அந்த மாமியாருக்குப் பிடிக்காது, நாலு பேருக்குக்கூடக் காட்டமாட்டாள் என்பது அக்காவின் கணக்கு. அதனால் இணைப்பு முதல் கமெண்ட்டில். மூன்றாவது, சண்டைக்கடை. இருநூற்று எண்பது எழுத்துக்குமேல் அனுமதியில்லை. தமிழுக்கு அங்கே கொம்புக்குத் தனிக் கணக்கு, காலுக்குத் தனிக் கணக்கு, புள்ளிக்கும் தனிக் கணக்கு. 'கெப்பாசிட்டர்' என்று ஒருமுறை எழுதினால் பதின்மூன்று எழுத்து போச்சு. நான்காவது, படம் காட்டும் தளமான கண்ணாடி. அங்கே கேப்ஷனில் இணைப்பு போட்டால் அது வெறும் எழுத்தாகக் கிடக்கும், தொட்டால் திறக்காது. "இணைப்பு பயோவில்" என்று எழுதிவிட்டு, சேனலின் முகப்பில் இருக்கும் அறிமுகக் குறிப்பான அந்தப் பயோவில் இணைப்பை மறக்காமல் மாற்ற வேண்டும். ஐந்தாவது, நிமிஷக்கடை. ஒரு நிமிடத்துக்குள் வெட்டிய, நெட்டுக்குத்தான வீடியோ. கேப்ஷனில் முதல் வரி மட்டும் கண்ணில் படும். மீதி, 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அங்கே ஒருமுறை போட்டதைத் திருத்தவும் முடியாது. திருத்த வேண்டுமென்றால் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

ஒரே கேப்ஷனை ஐந்து இடத்திலும் ஒட்டுகிற சோம்பேறிகளும் உலகத்தில் உண்டு. கோட்டு சூட்டில் போய், "பயோவில் இணைப்பு" என்று எழுதிவிட்டு, பயோவே இல்லாத இடத்தில் ஜனங்களைத் தேடவிடுவார்கள். அக்கா அந்தத் தப்பைச் செய்ததில்லை. அவள் தப்பு வேறு ரகம்.

*

அன்றைக்கு ஏற்ற வேண்டியது, முந்தின நாள் படம் பிடித்த மைக்ரோவேவ். தட்டு சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, பாத்திரம் மட்டும் சூடாகவில்லை. வீட்டுக்கு வீடு நடக்கிற கதை. உள்ளே டயோடு என்ற சின்னப் பாகம் போயிருந்தது. மெக்கானிக் புதியது மாற்றிக் காட்டினான்.

முழு வீடியோவில் மூன்றாவது நிமிடம் முக்கியமானது. மேல்மூடியைக் கழற்றியதும் மெக்கானிக் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்வான்: "கூட்டாளிகளே, பிளக்கைப் பிடுங்கிட்டோம், இனி ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்காதீங்க. இதோ, இந்த டப்பா மாதிரி இருக்கே, கெப்பாசிட்டர், இது பிளக்கைப் பிடுங்கின அப்புறமும் கரண்டை உள்ளுக்குள்ள வச்சிருக்கும். தொட்டா ஆளையே முடிச்சிடும். பழக்கம் இல்லாதவங்க இந்த மூடியைத் திறக்கவே வேணாம். என்னை மாதிரி ஒருத்தனைக் கூப்பிடுங்க." பிறகு கையுறை போட்டுக்கொண்டு, அந்தக் கரண்டை இறக்கிக் காட்டுவான். 'டப்' என்று ஒரு பொறி. கேமராக்காரியே பயந்துபோய்க் கேமராவை ஆட்டிவிட்டாள்.

காலை பதினோரு மணிக்குத் தாய்வீட்டில் ஏற்றினார்கள். படம் முழுத் தெளிவுக்கு வரும்வரை காத்திருந்து, இணைப்பை எடுத்துக்கொண்டு அக்கா ஆரம்பித்தாள்.

மாமா மன்றத்துக்கு: "உயிருக்கே ஆபத்து! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உங்கள் வீட்டு மைக்ரோவேவ் ஆளைக் கொல்லும் என்பது தெரியுமா? பெரியவர்கள் அவசியம் படித்து, பிள்ளைகளுக்கும் அனுப்பவும்." அங்கே பயம்தான் முதலில் விலைபோகும்.

கோட்டு சூட்டுக்கு: "இருபது வருட அனுபவம் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு விஷயம்: இணைப்பைத் துண்டித்த பிறகும் ஆபத்து மிச்சமிருக்கும். பாதுகாப்பே தலைமைப் பண்பு." மெக்கானிக்குக்கு அனுபவம் பதினாறு வருடம்தான். அந்த மாமியார் முழு எண்ணை விரும்புவாள்.

சண்டைக்கடைக்கு: "மைக்ரோவேவை நீங்களே திறந்து ரிப்பேர் பண்ணலாம்னு சொல்ற யாரையும் நம்பாதீங்க. ஏன்னு வீடியோல இருக்கு." பத்து நிமிடத்தில் இரண்டு பேர் தங்கள் வீட்டு மைக்ரோவேவைத் தாங்களே ரிப்பேர் பண்ணிய பெருமையைச் சொல்லிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார்கள். நல்ல தொடக்கம்.

கண்ணாடிக்கும் நிமிஷக்கடைக்கும் கேமராக்காரி ஐம்பத்திரண்டு விநாடிக்கு வெட்டியிருந்தாள். அந்த வெட்டில் மூன்றாவது நிமிடம் இல்லை. மூடி கழன்றது, அடுத்த நொடியே மெக்கானிக் டயோடைக் கையில் பிடித்துச் சிரித்தான்.

"அந்த டப் எங்கேம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"அதுக்கே பதினோரு செகண்ட் போகுது அண்ணி. அவரு மூஞ்சியைச் சீரியஸா வச்சுக்கிட்டு பேசினா ஜனங்க தள்ளிவிட்டுப் போயிடறாங்க. கேப்ஷன்ல போட்டுடுங்களேன்."

"போடறேன்."

போட்டாள். முதல் வரி: "மைக்ரோவேவ் சுத்துது, சூடாகலையா? பத்தே நிமிஷ வேலை!" எச்சரிக்கை, அடுத்த வரியில். 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. முதல் வரியில் சாவைப் போட்டால் நிமிஷக்கடையில் ஆள் நிற்கமாட்டான் என்பதும் தெரியும். மற்ற மூன்று வீட்டில் எச்சரிக்கை முதலில் நின்றதற்கும் காரணம் தர்மம் இல்லை, அங்கே அது விற்கும். அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு ஐந்தும் முடிந்தது. அக்கா டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் அவளே டப்பாவைத் திரும்பத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

*

மூன்று மணிக்கு மெக்கானிக் படியில் இரண்டிரண்டாகத் தாவி மேலே வந்தான்.

"அக்கா! நிமிஷக்கடைல பாத்தியா? எண்பதாயிரம்! இன்னும் ஏறுது!"

நிமிஷக்கடையில் அவர்கள் வீடியோ ஐயாயிரத்தைத் தாண்டியதில்லை. கேமராக்காரி சந்தோஷத்தில் கண் கலங்கி மூக்கைச் சிந்திக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்தாள். மெக்கானிக், "நாளைக்கு மின்விசிறியை மாத்தறோம். சத்தமே போடாததா" என்றான்.

"நல்லது" என்றாள் அக்கா.

"நல்லதாமே! லாட்டரி விழுந்தாலும் இவ சீட்டை மடிச்சு அலமாரில வைப்பா."

கமெண்ட்டுகளுக்குப் பதில் எழுதுவதும் அக்கா வேலைதான். கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சூப்பர் அண்ணா, சூப்பர் அண்ணா, முதல் கமெண்ட் நான்தான், இல்லை நான்தான், அண்ணா ஃபிரிட்ஜ் சத்தம் போடுது. அதற்கு மேலே ஒன்று.

"ஸ்க்ரூடிரைவர் எடுத்து வச்சாச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நம்ம வீட்டு மைக்ரோவேவுக்கு ஆபரேஷன்."

எழுதியவர் பெயர், வெட்டவெளி 74.

அந்தப் பெயரை அக்காவுக்குத் தெரியும். அவருக்கு முதன்முதலில் மின்னஞ்சல் திறந்து கொடுத்தவள் அவள்தான். "என்ன பேரு வைக்கட்டும்?" என்று கேட்டதற்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வெட்டவெளி" என்றார். பிறகு எந்தத் தளத்துக்குப் போனாலும் அதே பெயர், அதே வருடம். கணவருக்கு இப்போது ஒரு வீடு இருக்கிறது, அதில் ஒரு மைக்ரோவேவ் இருக்கிறது, அது சுற்றுகிறது, சூடாகவில்லை. இவ்வளவு செய்தி பதினான்கு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

வேறு யார் எழுதியிருந்தாலும் அக்கா, "கீழே எச்சரிக்கை இருக்கிறது, படியுங்கள்" என்று ஒரு பதிலைத் தட்டிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் இவரைப் பற்றி உலகத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. இவர் முதல் வரிக்காரர். எதிலும் முதல் வரிக்கு மேல் படிக்கமாட்டார்.

கல்யாணப் பத்திரிகையில் முதல் வரியைப் படித்துவிட்டு, மண்டபம் எது என்பதைப் படிக்காமல் கிளம்பி, யாரோ ஒருவருடைய அறுபதாவது பிறந்தநாள் விழாவில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர். "அம்மா வந்திருக்காங்க, சீக்கிரம் வாங்க" என்று ஆரம்பித்து, மூன்றாவது வரியில் அம்மாவின் பிரஷர் மாத்திரைப் பெயரை அவள் எழுதி அனுப்பினால், சீக்கிரம் வருவார். மாத்திரை வராது. புதுச் சாமான் எது வாங்கினாலும் கூட வரும் கையேட்டில் அவர் படித்த ஒரே வாக்கியம், "எங்கள் தயாரிப்பை வாங்கியதற்கு நன்றி." அதற்கு, "பரவாயில்ல" என்று பதில் சொல்லிவிட்டு மடித்து வைப்பார்.

கடைசியாக, அவருக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சு குறைந்துபோன நாட்களில், அவள் இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தாள். மரியாதையாக ஆரம்பிப்போமே என்று முதல் வரியில், "உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை" என்று எழுதியிருந்தாள். அவர் அதைப் படித்தார். முகம் தெளிந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் நிம்மதியாகக் கிளம்பிப் போனார். போக வேண்டாம் என்று இரண்டாம் பக்கத்தில் கேட்டிருந்தது அவருக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கப்புறம்தான் அக்காவுக்கு முதல் வரியின் அருமை தெரிந்தது. கேப்ஷன் வேலையில் அவள் நல்ல பெயர் எடுத்ததற்கு அதுதான் மூலதனம்.

இப்போது அதே முதல் வரியைக் கொண்டு அவரைக் கூப்பிட்டு, கெப்பாசிட்டர் முன்னால் உட்கார வைத்திருக்கிறாள். "பத்தே நிமிஷ வேலை!"

மணி மூன்றேகால்.

*

அக்கா எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. தன் கையைப் பார்த்தாள். நடுங்கவில்லை. நடுங்கினால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. முதலில் கண்ணாடித் தளத்துக்குப் போனாள். அங்கே திருத்தலாம். எச்சரிக்கையைத் தூக்கி முதல் வரியில் வைத்தாள். பிறகு நிமிஷக்கடை.

"டேய், நிமிஷக்கடைல போட்டதை அழிக்கணும்" என்றாள்.

மெக்கானிக் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்தும் பயனில்லை, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"என்னக்கா சொல்ற? இப்பத்தான் ஏறுது. லட்சம் தொடப்போகுது."

"எச்சரிக்கை இல்ல. வெட்டினதுலயும் இல்ல, கேப்ஷன்ல முதல் வரிலயும் இல்ல."

"ரெண்டாவது வரில இருக்குல்ல?"

"ரெண்டாவது வரியை யாரும் படிக்கமாட்டாங்க."

"பின் பண்ணு. கமெண்ட்ல மேல ஒட்டி வை. 'ஜாக்கிரதை'ன்னு சிவப்புல ஒரு பொம்மையோட."

"அதையும் படிக்கமாட்டாரு."

"யாரு?"

"முதல் வரிக்கு மேல படிக்காத ஆளு."

"உலகமே அப்படித்தான்க்கா இருக்கு! ஒரு ஆளுக்காக எண்பதாயிரத்தை அழிப்பாங்களா?"

"உலகமே அப்படித்தான்னு நீயே சொல்லிட்டியே" என்றாள் அக்கா.

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். கேமராக்காரி போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னங்க, அந்த டப் சத்தம் எனக்கு ராத்திரியெல்லாம் கேட்டுச்சு. நான்தான் வெட்டினேன்."

"நீயும் அந்தப் பக்கமா? எண்பதாயிரம்மா! மின்விசிறி!"

"வேர்த்தா துடைச்சுக்கலாம்."

மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்து, திறந்து கிடந்த மைக்ரோவேவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தொழிலுக்கு வந்த புதிதில் இவனே ஒருமுறை ஒரு கெப்பாசிட்டரிடம் வாங்கியிருக்கிறான். சுவரோடு போய் மோதி, முதலாளியின் மதியச் சாப்பாட்டு மேல் விழுந்தான். அந்தக் கதையைக் கூட்டாளிகளுக்குச் சொன்னதில்லை.

"அழிச்சா பாத்தவன் பாத்துட்டான். திறக்கறவன் திறக்கத்தான் போறான்" என்றான் குரல் இறங்கி.

"பாக்காதவன் இருக்கான்ல."

"நீயே அழி. என் கையால அழிக்க மாட்டேன்."

அக்கா அழித்தாள். "நிச்சயமாகவா?" என்று தளம் கேட்டது. அவளை யாரும் இப்படிக் கேட்டு நாளாயிற்று. ஆமாம் என்று அழுத்தினாள். எண்பத்து ஏழாயிரம், ஒரு விரலுக்குக் கீழே காணாமல் போனது. ஒன்றும் தோன்றவில்லை.

கேமராக்காரி அந்தப் பதினோரு விநாடியைத் திரும்ப ஒட்டினாள். வீடியோவின் முதல் மூன்று விநாடிக்குப் பெரிய எழுத்தில் பதித்தாள்: பிளக்கைப் பிடுங்கினாலும் கொல்லும். கேப்ஷனின் முதல் வரியும் அதுவே. மூன்றே முக்காலுக்கு மறுபடி ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள்.

"நாப்பத்தொண்ணு. அதுல மூணு நம்ம போனு" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கீழே இறங்கிப் போனான்.

*

பார்க்காதவர்களுக்கான வேலை முடிந்தது. பார்த்த ஒருவர் பாக்கி.

நிமிஷக்கடையில் அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பலாம். ஆனால் அவர் சேனலைப் பின்தொடரவில்லை. அப்படிப்பட்டவருக்குப் போகும் செய்தி, கோரிக்கைகள் என்ற பொந்தில் போய் விழும். அந்தப் பொந்து இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் கமெண்ட்டுக்குப் பதில் போடலாம் என்றால், வீடியோவோடு அந்தக் கமெண்ட்டும் அழிந்தாயிற்று.

அவர் எண் அவளுக்கு மனப்பாடம். தன் சொந்த எண்ணை, அவர் வீட்டை விட்டுப் போன அதே மாதத்தில் மாற்றியிருந்தாள். கையில் இருந்தது கடை போன். முதலில் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. தெரியாத எண்ணிலிருந்து வந்தால் அவர் எடுக்கமாட்டார். தெரிந்த எண் என்றாலும் பாதி நாள் எடுக்கமாட்டார். எழுதத்தான் வேண்டும்.

ஆறாவது கேப்ஷன். ஒரே ஒரு வாசகருக்கு.

அவர் செய்தியைத் திறக்கவே மாட்டார் என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும். பூட்டிய போனின் மேல் பளிச்சென்று ஒரு வரி வந்து போகுமே, அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். "வணக்கம்" என்று ஆரம்பித்தால் வணக்கத்தோடு போய்விடுவார். "உங்கள் கமெண்ட்டைப் பார்த்தோம்" என்றால், பார்த்தார்களே என்று சந்தோஷப்படுவார். "தயவுசெய்து" என்ற சொல் பாதி வரியைத் தின்னும். மரியாதை, விளக்கம், காரணம் ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டாள். மிஞ்சியது:

"மைக்ரோவேவைத் திறக்காதீங்க. செத்துடுவீங்க."

நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு அனுப்பினாள். ஒரு டிக். கொஞ்சம் பொறுத்து இரண்டு டிக். நீலமாகவில்லை.

நாலரை. கேமராக்காரி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க அண்ணி, ஆறிடும்." ஆறியது. நாலே முக்கால். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் சைக்கிளில் மெத்தையைக் கட்டிக்கொண்டு போனான். மெத்தை ஒரு பக்கம் சாய்ந்தது. இந்தப் பக்கம் சாயுமா அந்தப் பக்கம் சாயுமா என்று தெருமுனை வரை பார்த்தாள். ஐந்துக்கு ஏழு நிமிடம். அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், ஊசி இறங்குகிறதா என்று. இல்லை. ஐந்து. நீலமாகவில்லை. ஸ்க்ரூடிரைவரை எந்தக் கையில் பிடிப்பார் என்று யோசித்தாள். இடது கை. பத்தொன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அதற்காவது உதவியது.

ஐந்து மணி மூன்று நிமிடத்துக்கு இரண்டு டிக்கும் நீலமாயின.

"திறக்கல மாப்ள. ஸ்க்ரூ ஒண்ணு வழுக்கிடுச்சு, அதான் சும்மா போனைப் பாத்தேன். நல்ல வேளை."

அக்கா திரையைப் பார்த்தபடி இருந்தாள். மாப்ள. ஸ்க்ரூடிரைவரை வாளாகப் பிடித்த மெக்கானிக் படத்தைப் பார்த்து, மச்சினனே எழுதுகிறான் என்று நினைத்திருக்கிறார். நினைக்கட்டும். உயிர் பிழைத்ததற்கு ஒரு வழுக்கிய திருகாணி காரணமா, அவள் முதல் வரி காரணமா என்று ஆராய அவளுக்கு ஆசையில்லை. கீழே இறங்கிப்போய்த் தம்பியிடம், "அந்த ஆளு திறக்கல" என்று சொல்லிவிட்டு வரலாம் என்று எழுந்தாள்.

போன் மறுபடி துடித்தது.

"அக்கா எப்படி இருக்கா?"

அக்கா உட்கார்ந்தாள்.

இதற்கும் அவளிடம் கேப்ஷன்கள் இருந்தன. மாமா மன்றத்துக்கு என்றால், "கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம்." கோட்டு சூட்டுக்கு, "இந்த ஒரு வருடம் அவளுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது." சண்டைக்கடைக்கு, "உனக்கென்ன?" கண்ணாடிக்கு ஒரு ஜன்னல் படம் போதும். ஒன்றொன்றாக எழுதிப் பார்த்தாள், ஒன்றொன்றாக அழித்தாள். மேலே, அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தப் பக்கம் தெரிந்துகொண்டே இருக்கும். மச்சினன் ஏன் இவ்வளவு நேரம் எழுதுகிறான் என்று அவர் நினைப்பாரோ? மாட்டார். போனைக் கீழே வைத்திருப்பார்.

கடைசியில் முதல் வரி வந்தது.

"நல்லா இருக்கா."

அதை அனுப்பியிருக்கலாம். அக்கா அனுப்பவில்லை. அடுத்த வரிக்கு இறங்கினாள். இன்னும் இறங்கினாள். செய்தி நீண்டால் வாட்ஸ்அப்பும் ஓரிடத்தில் மடித்து, 'மேலும் படிக்க' என்று போட்டுவிடும். அந்த இடம் எங்கே வரும் என்பது தொழில்காரிக்குத் தெரியாதா? அது தாண்டும்வரை வெற்று வரியாக விட்டுக்கொண்டே போய், அதற்கும் கீழே எழுதினாள். தம்பி பெயரில் அல்ல, தன் பெயரில்.

"நான்தான். கடிதத்தில் இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. அதில் ஒன்று கேட்டிருந்தேன். இனிமேல் பதில் வேண்டாம்."

பதினான்கு மாதத்தில் அவள் யாருக்கும் ஏற்றபடி வெட்டாமல் எழுதியது அது ஒன்றுதான். பூட்டுப் போட்ட பெட்டியைவிடப் பத்திரமான இடம், அவருடைய இரண்டாவது வரி. அனுப்பினாள்.

உடனே நீலமாயிற்று. நாலே விநாடியில் பதில் வந்தது, ஒரு கட்டைவிரல்.

கீழேயிருந்து மெக்கானிக் கத்தினான். "அக்கா! அந்தப் புதுசு அறுபத்தெட்டு ஆயிருக்கு!"

"நல்லது" என்றாள் அக்கா. ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தாள். சர்க்கரை போட மறந்திருந்தார்கள். அது நாக்கில் தெரிந்தது.